பில்டருக்கு ஒரு மின்னஞ்சல்

அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் பில்டர்கள், விற்பனை தொடங்கும்போது ஒரு வீட்டை மட்டும் கட்டில், சோபா, திரைச்சீலையோடு அலங்கரித்து வைப்பார்கள். அதுதான் மாடல் ஃபிளாட். அந்த வேலையைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பும் இன்டீரியர் டிசைனர்கள் பலர், பழைய வேலைகளின் படங்களை அடுக்கிவிட்டு வாய்ப்புக் கேட்கிறார்கள். அதைத் திறப்பவர் பெரும்பாலும் விற்பனைப் பிரிவுக்காரர். தன் வீடு விற்குமா என்பதுதான் அவருடைய கவலை.

ஆகவே மின்னஞ்சல் அவருடைய வரைபடத்திலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது படுக்கையறை 10-க்கு 10 அடி என்று வைத்துக்கொள்வோம். தலைப்பலகையோடு கட்டிலின் நீளம் ஆறரை அடி. கால்மாட்டுச் சுவரில் 2 அடி ஆழத்துக்கு வார்ட்ரோப் வைத்தால் நடுவே மிஞ்சுவது ஒன்றரை அடிதான். கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். டிசைனர் இப்படி எழுதலாம்: “வார்ட்ரோபைப் பக்கச் சுவருக்கு மாற்றி, 5 அடி அகலக் கட்டிலை எதிர்ச் சுவரோடு ஒட்டிப் போட்டால் இடையில் 3 அடி நடைபாதை கிடைக்கும். கட்டிலில் ஒரு பக்கமாகத்தான் இறங்க முடியும், அதற்குச் சம்மதமா?” பத்துப் படங்கள் சொல்லாததை இந்த மூன்று வரி சொல்லிவிடும்.

அறை பெரிதாகத் தெரிய, அளவு குறைத்துச் செய்த கட்டிலைப் போடுவதும், கதவுகளைக் கழற்றி வைப்பதும் சிலரின் வழக்கம். அதில் ஆபத்து உண்டு. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, விளம்பரத்தோடு மாதிரி வீட்டையும் சேர்த்தே பேசுகிறது. அதில் தரப்பட்ட தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். விலகினால், கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பப் பெறலாம். “கடையில் கிடைக்கும் அளவுள்ள சாமான்களையே போடுவேன், விலையில் சேராத பொருள் ஒவ்வொன்றிலும் அட்டை மாட்டுவேன்” என்ற உறுதி பில்டருக்கும் பாதுகாப்பு.

தொகையை மூன்றாகப் பிரித்துக் காட்ட வேண்டும்: டிசைன் கட்டணம், சுவரோடு சேர்ந்த மரவேலை, அடுத்த திட்டத்துக்கு எடுத்துச் செல்லக்கூடிய சாமான்கள். கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி என்பதையும் எழுதிவிட வேண்டும். வேலை நாள்களை, பூச்சு, வயரிங், குழாய் வேலைகள் முடிந்து வீடு கைக்கு வந்த நாளிலிருந்தே எண்ண வேண்டும். இல்லையேல் கொத்தனாரின் தாமதம் டிசைனர் தலையில் விழும்.

முடிவில் கேட்க வேண்டியது ஒப்பந்தம் அல்ல, அளவெடுக்க அனுமதி. வரைபடத்தில் 10 அடி என்றிருக்கும் அறை, பூச்சுக்குப் பின் ஓரிரு அங்குலம் குறையலாம்; மூலையில் தூண் துருத்தியிருக்கலாம். அளக்கும் முன்பே இறுதித் தொகை சொல்லும் டிசைனர், பிறகு அதைக் கூட்டிக் கேட்க வேண்டியிருக்கும்.