சாவியைக் கொடுத்தாச்சு, அட்வான்ஸ் எப்போது வரும்?

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அட்வான்ஸைக் கேட்டால் சென்னையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "அடுத்த பார்ட்டி வரட்டும் சார், அவங்க அட்வான்ஸ் கொடுத்ததும் உங்களுக்கு செட்டில் பண்ணிடறேன்." இதைச் சொல்கிற ஓனர் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. நீங்கள் கொடுத்த பணம் மாடி கட்டவோ மகள் கல்யாணத்துக்கோ எப்போதோ செலவாகியிருக்கும். பழைய குடித்தனக்காரரின் அட்வான்ஸைப் புதியவரின் அட்வான்ஸை வைத்துத் திருப்புவது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் புது ஆள் எப்போது வருவார் என்பது உங்கள் கையில் இல்லை. அதற்கும் உங்கள் பணத்துக்கும் சட்டப்படி சம்பந்தமும் இல்லை.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக 2017-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வகுக்கும் சட்டம் அது. அட்வான்ஸ் பற்றி அதன் 11-வது பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால் அது செல்லும். ஆறு மாதம், பத்து மாதம் என்று இன்னும் கேட்பது இந்த இடைவெளியில்தான். இரண்டு, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

இந்த ஒரு மாதம் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்பதில்தான் முதல் தகராறு வரும். லாரியில் சாமான் ஏற்றிய நாளா, சாவி கொடுத்த நாளா? சாமானை எடுத்துவிட்டு, "ஓனர் ஊரில் இல்லை" என்று வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்துப் போனவர்கள் பின்னால் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. "எனக்குச் சாவி கிடைச்சதே பதினைஞ்சு நாள் கழிச்சுத்தான்" என்று ஓனர் அரை மாத வாடகையைக் கழித்தால் மறுக்க ஆதாரம் இருக்காது. யாரிடம் கொடுத்தாலும் அதே நிமிடம் ஓனருக்கு வாட்ஸப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள்: இன்று மாலை 5 மணிக்கு மூன்று சாவிகளையும் இன்னாரிடம் ஒப்படைத்துவிட்டேன். கூடவே காலி வீட்டை அறை அறையாக எடுத்த வீடியோ, மின் மீட்டரின் புகைப்படம். இன்னொன்று: காலி செய்யும் நாளில் ஒரிஜினல் அக்ரிமென்ட்டைத் திருப்பிக் கேட்கும் ஓனர்கள் உண்டு. அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுத்திருந்தால் தொகைக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தக் காகிதம்தான். பணம் வந்த பிறகு தருகிறேன் என்று சொல்லலாம். அது கூச்சமாக இருந்தால் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்துக்கொண்டு கொடுங்கள்.

"அட்வான்ஸ் வந்தாத்தான் சாவி" என்று பிடித்துவைப்பது நல்ல யோசனை அல்ல. வீடு இன்னும் உங்கள் வசம் இருக்கிறது என்று ஆகி, வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். கழிப்பதற்கு ஓனருக்கு நியாயமான காரணத்தை நீங்களே கொடுத்ததாகிவிடும்.

இனி கணக்குக்கு வருவோம். மடிப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீட்டில் ஒரு குடும்பம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 2022 ஜூலையில் குடிவந்தார்கள். வாடகை 15,000, அட்வான்ஸ் 90,000. ஒரு மாத நோட்டீஸ் என்பது ஒப்பந்தம். 2025 ஜூலை 31 அன்று சொல்லிவிட்டு, ஆகஸ்ட் வாடகையையும் கட்டி, ஆகஸ்ட் 31 அன்று சாவி கொடுத்தார்கள். செப்டம்பர் 30-க்குள் பணம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. போனில் கேட்டால், பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை, ஆள் வைத்துச் சுத்தம் செய்ததற்கு 4,000, அப்புறம் கரண்ட் பில் என்று பட்டியல் நீளுகிறது. மொத்தம் எவ்வளவு கழிப்பார், எப்போது தருவார் என்பது மட்டும் வாயிலிருந்து வருவதில்லை.

இந்த இடத்தில் பலர் கோபமாக, "முழு அட்வான்ஸும் உடனே வேணும்" என்று எழுதிவிடுகிறார்கள். அதைவிட, தாங்கள் தர வேண்டியதைத் தாங்களே முதலில் கழித்துக்காட்டுவது பலன் தரும். இந்தக் குடும்பத்துக்கு ஆகஸ்ட் மாத மெயின்டனன்ஸ் 1,500 பாக்கி. படுக்கையறை ஜன்னல் கண்ணாடி ஒன்று பையன் பந்தடித்து உடைந்தது, மாற்ற 900. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், கடைசி ரீடிங்குக்கும் சாவி கொடுத்த நாளுக்கும் நடுவே ஓடிய யூனிட்டுக்கான பில் அக்டோபரில்தான் வரும். அதற்காகக் காத்திருந்தால் அதுவே ஓனருக்குச் சாக்கு. யூனிட்டைக் கணக்குப் பார்த்து 700 ரூபாய் என்று ஒப்புக்கொண்டு முடிப்பது மேல். ஆக மொத்தம் 3,100 கழிய, வர வேண்டியது 86,900.

பெயிண்ட் விஷயம் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியது. வீட்டில் எந்தப் பழுது யார் பொறுப்பு என்று அந்தச் சட்டத்தின் அட்டவணையே பிரித்துச் சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் இணைப்புகள், வயரிங் ஆகியவை உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, உடைந்த கண்ணாடி ஆகியவை வாடகைதாரர் பக்கம். மூன்று வருடம் ஆள் புழங்கிய வீட்டில் சுவர் மங்குவது இயல்பான தேய்மானம். அதற்குக் குடித்தனக்காரர் பொறுப்பல்ல. ஆணியடித்து காரை பெயர்ந்தது, பிள்ளைகள் க்ரேயானால் சுவர் முழுக்க வரைந்தது எல்லாம் வேறு கதை. ஆனால் உங்கள் அக்ரிமென்ட்டில் "காலி செய்யும்போது பெயிண்டிங் செலவுக்கு ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படும்" என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் வாதம் பலவீனமாகிவிடும். முதலில் அந்தக் காகிதத்தை எடுத்து ஒருமுறை முழுக்கப் படியுங்கள். மடிப்பாக்கக் குடும்பத்தின் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அதனால் அவர்கள் எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்:

"சென்னை, 3-10-2025.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மடிப்பாக்கம் வீட்டில் 1-7-2022 முதல் 31-8-2025 வரை வாடகைக்கு இருந்தேன். குடிவரும்போது ரூ. 90,000 அட்வான்ஸாகத் தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தினேன். 31-7-2025 அன்று வாட்ஸப்பில் நோட்டீஸ் கொடுத்து, ஆகஸ்ட் வரை முழு வாடகையும் செலுத்தி, 31-8-2025 மாலை மூன்று சாவிகளையும் தங்களிடம் ஒப்படைத்தேன். சட்டப்படி 30-9-2025-க்குள் அட்வான்ஸ் திரும்பக் கிடைத்திருக்க வேண்டும்.

என் பொறுப்பில் கழிக்க வேண்டியவை: ஆகஸ்ட் மெயின்டனன்ஸ் ரூ. 1,500, ஜன்னல் கண்ணாடி ரூ. 900, மின்கட்டணம் ரூ. 700. மொத்தம் ரூ. 3,100. மீதி ரூ. 86,900.

பெயிண்டிங்குக்கு ரூ. 15,000, சுத்தம் செய்ய ரூ. 4,000 என்று போனில் கூறினீர்கள். ஒப்பந்தத்தில் இவை இல்லை. ஒப்படைத்த அன்றைய வீடியோவையும் அனுப்பியிருக்கிறேன். எனவே இவற்றை ஏற்க இயலவில்லை. சேதம் ஏதும் இருந்தால் புகைப்படமும் பில்லும் அனுப்புங்கள், பார்த்துப் பேசலாம்.

ரூ. 86,900-ஐ 13-10-2025-க்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். மேற்கண்ட ரூ. 19,000 பற்றித் தங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தாலும், தகராறு இல்லாத ரூ. 67,900-ஐ அதே தேதிக்குள் அனுப்பிவிடுங்கள்."

கடைசி வாக்கியம் முக்கியம். ஓனர் சொல்லும் கழிவுகள் அத்தனையையும் அப்படியே ஒப்புக்கொண்டாலும் 67,900 தந்தே ஆக வேண்டும். பெயிண்ட் சண்டையைச் சாக்காக வைத்து முழுத் தொகையையும் நிறுத்திவைக்க அதன்பின் காரணம் இருக்காது. கடிதத்தில் வசவு இல்லை, கோர்ட் மிரட்டல் இல்லை என்பதையும் கவனியுங்கள். நாளை வேறொருவர் இதைப் படித்துத் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தால், அவருக்குத் தேவையான தேதியும் தொகையும் ஒரே பக்கத்தில் கிடைக்கும்.

வாட்ஸப்பில் அனுப்பியதோடு விடாமல் தபாலிலும் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஒப்புகையோடு வேண்டும் என்று கவுன்ட்டரில் கேட்டு வாங்கி, ரசீதைக் கடித நகலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.

இந்தக் கடிதத்துக்குப் பிறகு பெரும்பாலும் பேரம் தொடங்கும். பணம் உண்மையிலேயே கையில் இல்லாத ஓனர் இரண்டு தவணை கேட்டால் ஒப்புக்கொள்வதில் தவறில்லை, தேதியை மட்டும் எழுத்தில் வாங்குங்கள். பின்தேதியிட்ட காசோலை தந்தால் இன்னும் நல்லது. அது பணமில்லாமல் திரும்பினால், வங்கி தகவல் கொடுத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பிக் குற்ற வழக்கே தொடர வழி உண்டு.

பதிலே இல்லை என்றால்? போலீஸுக்குப் போனால் "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவார்கள். ஒப்பந்தம் tenancy.tn.gov.in தளம் வழியாகப் பதிவாகி எண் பெற்றிருந்தால், புதிய சட்டப்படி அமைந்த வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம் பக்கம் போவது சுலபம். பதினொரு மாத ஸ்டாம்ப் பேப்பரோடு நின்றுபோனவர்கள் நம்மில் அதிகம். அவர்கள் வக்கீல் நோட்டீஸுக்கு முன்னால் மாவட்ட அல்லது தாலுகா சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுத்துப் பார்க்கலாம். வழக்குப் போடும் முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசும் ஏற்பாடு அங்கே உண்டு, கோர்ட் கட்டணம் கிடையாது. ஆனால் எதிர்த் தரப்பு வராமலே இருந்தால் அங்கே கட்டாயப்படுத்த முடியாது. சிவில் கோர்ட்தான் மிச்சம். அதற்கான காலக்கெடு, பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடம்.

சில சமயம் கடிதம் போன மறுவாரம் கணக்கில் 67,900 வந்து விழும், கூடவே "ஃபுல் செட்டில்மென்ட்" என்று ஒரு மெசேஜும். அதற்கு "ஓகே சார், தேங்க்ஸ்" என்று பதில் போட்டால் மீதி 19,000-ஐ விட்டுக்கொடுத்ததாகிவிடும். "67,900 கிடைத்தது, மீதி 19,000 நிலுவையில் இருக்கிறது, பெயிண்டிங் பில்லை அனுப்புங்கள்" என்று அன்றைக்கே எழுதுங்கள்.