250 வார்த்தைக்குள் ஒரு தலையணை

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கையில் கொடுக்கிற சபைச் செய்தி மடலில் பிறந்தநாள் பட்டியல், காணிக்கை வரவு, அடுத்த வாரக் கூட்டங்கள் எல்லாம் இருக்கும். நடுவில் ஒரு பக்கம் மட்டும் தியானத்துக்கு. அதன் அளவு ஏறக்குறைய 250 வார்த்தை. சத்தமாக வாசித்தால் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

முதன்முதலாக எழுத உட்காருகிறவர் அதில் ஒரு முழுப் பிரசங்கத்தைச் சுருக்கி அடைக்கப் பார்ப்பார். மூன்று குறிப்புகள், குறிப்புக்கு இரண்டு வசனங்கள். ஒவ்வொன்றுக்கும் 80 வார்த்தைதான் கிடைக்கும். எதுவும் மனதில் நிற்காது. இந்தப் பத்தி ஒரே ஒரு எண்ணத்தைத்தான் தாங்கும். அந்த எண்ணத்தைப் பெரும்பாலும் வேதபகுதியில் இருக்கும் ஒரு சின்னப் பொருளோ சொல்லோ எடுத்துக் கொடுத்துவிடும்.

எடுத்துக்காட்டாக, அந்த வாரப் பகுதி மாற்கு 4:35-41 என்று வைத்துக்கொள்வோம். கலிலேயாக் கடலில் புயல். இயேசு படகில் தூங்குகிறார். கடல் என்று சொன்னாலும் அது ஒரு ஏரி. கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே, மலைகளுக்கு நடுவே கிடப்பதால் காற்று திடீரென்று இறங்கி அலையைக் கிளப்பும். இது சுவையான செய்திதான், ஆனால் நம் பத்திக்குத் தேவையில்லை. இதே நிகழ்ச்சியை மத்தேயுவும் லூக்காவும் எழுதியிருக்கிறார்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று தெரியும்: அவர் தலையணை வைத்துத் தூங்கினார் என்று சொல்பவர் மாற்கு மட்டுமே. எங்கள் உயிரைப் பற்றி உமக்கு அக்கறை இல்லையா என்று சீடர்கள் கேட்டதாகச் சொல்பவரும் அவர் மட்டுமே. தூக்கத்தைப் பார்த்து அக்கறையில்லை என்று நினைத்துவிட்டார்கள். ஆனால் தூங்கியவரும் அதே படகில்தான் இருந்தார். பத்திக்கு வேண்டிய எண்ணம் இதுதான்.

இனி பங்கு பிரிக்கலாம். தொடக்கத்துக்கு 50 வார்த்தை: ஆஸ்பத்திரி வார்டில் நடுராத்திரி கண்விழிக்கிற சிறுவன், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துத் தூங்குகிற அம்மா. அவள் தூங்குவதால் அக்கறை இல்லை என்று யாரும் சொல்லமாட்டோம். அடுத்த 90 வார்த்தையில் மாற்கு சொல்வதை நம் சொற்களில் சொல்ல வேண்டும். தலையணை அங்கே வரட்டும். அதற்கடுத்த 70 வார்த்தை, அந்த ஒரே படகைப் பற்றி. பிறகு 25 வார்த்தையில், வாசிப்பவர் இந்த வாரம் செய்யக்கூடிய ஒன்று: சீடர்கள் மனத்தாங்கலை மறைக்காமல் அவரை எழுப்பியே கேட்டார்கள், நாமும் ஜெபத்தில் அப்படிக் கேட்கலாம். மீதி 15, ஒரு வரி ஜெபம்.

ஆஸ்பத்திரிக் காட்சியை எழுதும்போது ஓர் எச்சரிக்கை. ஒரு முறை சபையில் ஒருவருக்கு நடந்ததைப் பெயர் சொல்லாமல் எழுதினேன். வாசலைத் தாண்டுவதற்குள் அது யார் என்று பேச்சாகிவிட்டது. இருநூறு குடும்பம் உள்ள சபையில் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. எந்த வார்டிலும் நடக்கக்கூடிய காட்சியாக எழுதுங்கள். அல்லது உரியவரிடம் அனுமதி கேளுங்கள்.

இன்னொரு தவறு, வசனத்தை அதன் இடத்திலிருந்து பிய்த்து எடுப்பது. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11 அடிக்கடி வரும்: நல்ல எதிர்காலம் பற்றிய வாக்குறுதி. அதற்கு முந்தைய வசனம் பாபிலோனில் 70 ஆண்டு கழியவேண்டும் என்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட முதியவர்களில் பலர் வீடு திரும்பியிருக்கமாட்டார்கள். இதை மறைத்து, இந்த ஆண்டே எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதினால், டிசம்பரில் அந்தப் பக்கத்தை நம்பியவர் முகத்தைப் பார்ப்பது கடினம். 10-ஆம் வசனத்தையும் சேர்த்து எழுதினால், காத்திருப்பவருக்கும் அதில் இடம் உண்டு.

மடல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறதென்றால் திங்களன்றே பகுதியைப் படித்துவிடுங்கள், புதனன்று எழுதுங்கள். முதல் பிரதி எப்படியும் 350 வார்த்தை இருக்கும். வியாழனன்று ‘வேண்டும்’ என்று முடிகிற வாக்கியங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். இரண்டுக்கு மேல் இருந்தால் தியானம் புத்திமதியாகிவிட்டது என்று பொருள். அவற்றை முதலில் வெட்டுங்கள். தலையணையை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.