இன்னும் எத்தனை வகுப்பு விடலாம்?

"சார், 70 சதவீதம் இருக்கு. ரெண்டு பீரியட் வந்தா 75 ஆயிடும்ல?" என் வகுப்பு மாணவன் ஒருவன் நோட்டில் கணக்கோடு வந்து கேட்டான். அதுவரை நடந்த 40 வகுப்பில் 28-க்கு வந்திருந்தான். 40-க்கு 75 சதவீதம் 30. அதனால் குறைவது இரண்டு என்று நினைத்துவிட்டான்.

அந்த இரண்டு வகுப்புக்கு அவன் வரும்போது, நடந்த வகுப்புகளும் 42 ஆகிவிடும். 42-க்கு 30 என்பது 71.4 சதவீதம்தான். 75 சதவீத விதியில், விட்ட ஒவ்வொரு வகுப்புக்கும் மூன்று வகுப்பு வந்திருக்க வேண்டும். அவன் விட்டது 12. அப்படியானால் வந்தது 36 ஆக இருக்க வேண்டும். இன்னும் எட்டு வகுப்பு, நடுவில் ஒன்றுகூட விடாமல் வந்தால்தான் 48-க்கு 36 என்று சரியாக 75-ஐத் தொடுவான்.

அவனுடைய தோழி 40-க்கு 32 வந்திருந்தாள், 80 சதவீதம். இன்று முதல் எத்தனை விடலாம் என்பதற்கு, வந்த எண்ணிக்கையை 0.75-ஆல் வகுத்து, நடந்ததைக் கழிக்க வேண்டும். 32-ஐ 0.75-ஆல் வகுத்தால் 42.67, அதில் 40 போக 2.67. பின்னத்தை மேலே ஏற்றக்கூடாது. விடை இரண்டு. மூன்றாவதையும் விட்டால் 43-க்கு 32, அதாவது 74.4 சதவீதம்.

ஆனால் தேர்வு எழுத விடுவதா என்று பார்ப்பது பருவ முடிவில்தான். வாரம் நான்கு வகுப்பு, 15 வாரம் என்றால் மொத்தம் 60. அதில் 15 விடலாம். எட்டு விட்டுவிட்டதால் அவளுக்கு மீதி ஏழு. இரண்டு, ஏழு இரண்டும் சரிதான்: முதலாவது இன்றைய வரம்பு, அடுத்தது மீதி 20 வகுப்பும் நடக்கும் என்று நம்பிப் போட்டது.

அந்த நம்பிக்கையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நவம்பரில் மழை விடுமுறையால் ஆறு வகுப்பு நடக்காமல் போய், ஈடு வகுப்பும் வைக்கவில்லை என்று வையுங்கள். மொத்தம் 54. அதில் கால் பங்கு 13.5; விடக்கூடியது 13 தான். ஏழும் விடலாம் என்று முன்பே விட்டிருந்தால் விட்டது 15 ஆகி, 54-க்கு 39, அதாவது 72.2 சதவீதத்தில் நிற்பாள். விடுமுறை அறிவித்த நாளில் அவள் எந்த வகுப்பையும் தவறவிடவில்லை, ஆனாலும் அவளுடைய கையிருப்பு குறைந்துவிட்டது. அதனால் காய்ச்சலுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் வேண்டிய நாட்களை, மொத்தத்தில் ஐந்தாறு வகுப்பைக் குறைத்துவிட்டுத்தான் கணக்குப் போடச் சொல்வேன்.

கணக்கைத் தொடங்கும்முன் அலுவலகத்தில் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: சதவீதம் பாடவாரியாகவா, எல்லாப் பாடத்தையும் சேர்த்தா? பாடவாரியாக என்றால், மற்றதில் 95 இருந்தாலும் ஒரு பாடத்தின் குறையை அது ஈடுகட்டாது. அந்தப் பாடத்துக்குத் தனியாக 40, 28 என்று எழுதித்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.