மூடியும் பெட்டியும் ஒரே வார்ப்பு

பாலிப்ரொப்பிலீன் பெட்டி, ஊசி வார்ப்பு

இந்த மூடியைத் தாங்குவது ஆணியோ கம்பியோ அல்ல. அதே பிளாஸ்டிக்கில் சுமார் 0.3 மி.மீ. தடிமனுள்ள பட்டை. தடித்துப்போனால் மடிப்பின் வெளிப்புறம் அதிகம் இழுபட்டு விரிசல் விடும். மிக மெலிந்தால் உருகிய பிளாஸ்டிக் அதைத் தாண்டி மூடியை நிரப்பாது.

பெட்டியின் அடியில் உள்ள சிறு வடுவைப் பாருங்கள். பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த வாய் அதுதான். அங்கிருந்து பட்டையைக் குறுக்காகக் கடந்து மூடிக்குப் பாய்ந்ததால், நீண்ட மூலக்கூறுகள் மடிப்புக் கோட்டுக்குச் செங்குத்தாக வரிசைப்பட்டன. மூடியிலும் ஒரு வாய் வைத்திருந்தால் இரு ஓட்டங்களும் பட்டையிலேயே முட்டக்கூடும். அப்படி ஒட்டிய கோடு சீக்கிரமே பிளந்துவிடும்.

அச்சிலிருந்து எடுத்ததும், சூடு ஆறுமுன் சில முறை மடிப்பார்கள். மூலக்கூறுகள் மேலும் இழுபட்டு, பட்டை வலுப்பெறும்.