நாற்சந்திப் படத்தில் முதலில் போவது யார்?

பழகுநர் உரிமத் தேர்வுக்குப் படிக்கும் அக்காவோ அண்ணனோ உங்கள் வீட்டில் இருந்தால், இந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குறுக்கும் நெடுக்குமாய் இரண்டு சாலைகள், அவற்றின் மேல் சின்னச் சின்னப் பெட்டிகளாய் வண்டிகள், கீழே, "எந்த வண்டி முதலில் செல்ல வேண்டும்?" என்ற கேள்வி. பார்த்தவுடன் பெரிய வண்டியின் பெயரைச் சொல்லிவிடத்தான் நமக்குத் தோன்றும். ஆனால் வண்டியின் உருவத்தில் விடை இல்லை. படத்தின் ஓரங்களில்தான் இருக்கிறது. அதை எங்கே, எந்த வரிசையில் தேடுவது என்று இங்கே பார்ப்போம்.

முதலில், படத்தில் நாம் யார் என்று கண்டுகொள்ள வேண்டும். பெரும்பாலும் நம் வண்டி படத்தின் கீழ்ப்புறத்திலிருந்து மேல்நோக்கிப் போகும். அப்போது படத்தின் வலப்பக்கமும் நம் வலக்கையும் ஒன்றே. ஆனால் மேலிருந்து கீழே வரும் வண்டிக்கோ எல்லாம் தலைகீழ். படத்தின் இடப்பக்கமே அந்த ஓட்டுநரின் வலக்கைப் பக்கம். எனவே தாளைத் திருப்பி, அந்த வண்டியின் முகம் மேல்நோக்கி இருக்குமாறு வைத்துப் பார்ப்பதே எளிய வழி. கணினித் திரையைத் திருப்ப முடியாதே! அங்கே நம் வலக்கை ஓட்டுநரின் வலக்கையாக இருப்பதாய் எண்ணி, மனத்தால் அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக, அந்தச் சந்திப்பை ஆள்வது யார் என்று பார்க்க வேண்டும். போக்குவரத்துக் காவலர் நின்றால் அவர் கைச்சைகையே சட்டம். பக்கத்தில் சிக்னல் பச்சையாய் எரிந்தாலும் அவர் நில் என்றால் நிற்க வேண்டும். காவலர் இல்லையென்றால் சிக்னல். அதுவும் இல்லையென்றால் சாலை ஓரத்துப் பலகைகளும் தரையில் போட்ட கோடுகளும்.

பலகைகளில் இரண்டை மட்டும் நினைவில் வைத்தால் போதும். எட்டு மூலையுள்ள சிவப்புப் பலகை, முழுமையாக நின்று பார்த்துவிட்டுப் போகச் சொல்வது. சிவப்புக் கரையுள்ள தலைகீழ் முக்கோணம், வழிவிட்டுப் போகச் சொல்வது. மற்ற எச்சரிக்கைப் பலகைகளில் முக்கோணத்தின் கூர்முனை மேலே இருக்கும். இந்த இரண்டின் வடிவமும் வேறு எதிலும் வராது. அதனால் பலகையின் முதுகு மட்டும் தெரிந்தாலும், எதிர்ச்சாலைக்காரருக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று நமக்குப் புரிந்துவிடும். பலகை வரையப்படாத படத்தில் சாலையின் வாயைப் பாருங்கள். அங்கே குறுக்கே முழுக் கோடு இருந்தால் நிற்க வேண்டும்; விட்டுவிட்டுப் போட்ட கோடு இருந்தால் வழிவிட வேண்டும். கோடு எந்தச் சாலையின் வாயில் கிடக்கிறதோ அதுவே கிளைச்சாலை. கோடு இல்லாமல் நேராக ஓடுவது பிரதான சாலை. அகலத்தை மட்டும் நம்பக் கூடாது. படம் வரைபவர் இரண்டையும் ஒரே அகலத்தில் வரைந்திருக்கலாம்.

இவை ஒன்றுமே படத்தில் இல்லை என்றால் கடைசியாக வருவது வலக்கை விதி. கட்டுப்பாடு ஏதுமற்ற சந்திப்பில், தன் வலப்புறமிருந்து வரும் வண்டிக்கு ஓட்டுநர் வழிவிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ரவுண்டானாவிலும் இது பொருந்தும். நாம் இடப்பக்கமாய்ச் செல்வதால், ஏற்கனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டி நமக்கு வலப்புறமிருந்துதான் வரும்.

இப்போது ஒரு படத்தைப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாற்சந்தி, காவலர், சிக்னல், பலகை, கோடு எதுவும் இல்லை. தெற்கிலிருந்து, அதாவது படத்தின் கீழிருந்து, சிவப்புக் கார் வருகிறது. கிழக்கிலிருந்து ஒரு பேருந்து. வடக்கிலிருந்து ஓர் ஆட்டோ. மேற்குச் சாலை காலி. மூன்றுமே நேராகப் போகப் போகின்றன.

காரில் உட்காருங்கள். முகம் வடக்கே, வலக்கைப் பக்கம் கிழக்கு, அங்கே பேருந்து வருகிறது. ஆகவே கார் நிற்க வேண்டும். உடனே "பேருந்துதான் முதலில்" என்று எழுதிவிடாதீர்கள்! இப்போது பேருந்தில் ஏறி உட்காருங்கள். முகம் மேற்கே, வலக்கைப் பக்கம் வடக்கு, அங்கே ஆட்டோ வருகிறது. ஆகவே பேருந்தும் நிற்க வேண்டும். கடைசியாக ஆட்டோ. முகம் தெற்கே, வலக்கைப் பக்கம் மேற்கு, அங்கே யாரும் இல்லை. ஆகவே முதலில் ஆட்டோ, அடுத்துப் பேருந்து, கடைசியில் கார். வலப்பக்கம் காலியாக இருப்பவர் யார் என்று தேடுவதே இந்தக் கணக்கின் திறவுகோல். மூன்றில் சிறிய வண்டி முதலில் போவதைக் கவனித்தீர்களா?

இதே படத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்வோம். கிழக்குச் சாலையின் வாயிலும் மேற்குச் சாலையின் வாயிலும் தலைகீழ் முக்கோணம் ஒன்றொன்று வரைவோம். உடனே வடக்கு தெற்காய் ஓடும் சாலை பிரதான சாலை ஆகிவிட்டது. இப்போது காரின் வலப்பக்கம் பேருந்து இருந்தும், அது கிளைச்சாலையில் வருவதால் கார் நிற்கத் தேவையில்லை. காரும் ஆட்டோவும் அவரவர் இடப்பக்கமாக ஒன்றையொன்று கடந்து போகும். பேருந்து இருவருக்கும் வழிவிட்டுக் கடைசியில் போகும். வண்டிகள் ஒன்றும் மாறவில்லை. விடை மட்டும் மாறிவிட்டது! அதனால்தான் வண்டிகளைப் பார்ப்பதற்கு முன் ஓரங்களைப் பார்க்கச் சொன்னோம்.

வண்டிகளைப் பார்க்கும்போதும் அம்புக்குறியையோ எரியும் இண்டிகேட்டரையோ விட்டுவிடக் கூடாது. வலப்பக்கம் திரும்பும் வண்டி எதிரே நேராக வருபவரின் பாதையை வெட்டுகிறது. ஆகவே அவர் போகும்வரை அது பொறுத்திருக்க வேண்டும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. பயிற்சிக்காகக் கிடைக்கும் படங்கள் எல்லாம் நம் நாட்டவை அல்ல. வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகச் சென்றால் அது அமெரிக்கா போன்ற நாட்டின் படம். இடப்பக்கமாகச் சென்றாலும் அது இந்தியாதான் என்று உறுதி இல்லை. இங்கிலாந்திலும் இடப்பக்கம்தான். ஆனால் அங்கே, குறியீடு ஏதும் இல்லாத நாற்சந்தியில் யாருக்கும் முன்னுரிமை கிடையாது. எல்லாரும் கவனமாகப் போக வேண்டும் என்பதே சரியான விடை. படம் ஒன்று, விடை இரண்டு! எனவே எந்த நாட்டுப் புத்தகம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்மில் பலருக்கு இந்தத் தேர்வு இன்னும் தொலைவில் இருக்கிறது. 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கே 16 வயது நிறைய வேண்டும், வாடகை, சரக்கு, பயணிகள் போக்குவரத்துக்கானவை அல்லாத மற்ற வண்டிகளுக்கு 18. ஆனால் மிதிவண்டிக்கு வயது இல்லை. அதில் நாம் தினமும் முக்கைக் கடக்கிறோம். படத்தில் தவறினால் ஒரு மதிப்பெண் போகும், அவ்வளவுதான். தெருவில் வருபவரோ விதியை மறந்தவராகவும் இருக்கலாம். ஆகவே முறை நம்முடையதாக இருந்தாலும், வலப்பக்கத்து வண்டி வேகம் குறைகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே பெடலை மிதிப்போம்.