24 மணி நேரத்தில் ஓர் ஆப்: எதை வெட்டுவது, எதைக் காட்டுவது?

ஹேக்கத்தானுக்கு 24 மணி நேரம் என்றால் தாராளமாகத்தான் தோன்றும். தூக்கம், சாப்பாடு, நடுநடுவே வந்து கேள்வி கேட்கும் மென்டர்கள் எல்லாம் போக, கோட் எழுத அதில் பாதி மிஞ்சினாலே பெரிது. கடைசியில் நடுவர்கள் பார்ப்பதோ சில நிமிடம்தான். திட்டத்தை அந்தச் சில நிமிடத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

கல்யாண மண்டபத்தில் மிஞ்சும் சாப்பாட்டை முதியோர் இல்லங்களுக்குச் சேர்க்கும் ஆப் என்று வைத்துக்கொள்வோம். நால்வர் அணி உட்கார்ந்ததுமே பட்டியல் நீளும்: லாகின், ஓடிபி, மேப், ஸ்டார் ரேட்டிங், அட்மின் பக்கம். இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் கதையைச் சொல்லிவிடலாம். மண்டபத்து மேலாளர் தன் போனில் '60 பேருக்குச் சாம்பார் சாதம்' என்று போடுகிறார். அது இல்லத்துப் போனில் உடனே வருகிறது. அங்கே 'எடுத்துக்கொள்கிறோம்' என்று அழுத்தினால் மேலாளருக்குத் தெரிகிறது. அவ்வளவுதான் டெமோ.

எனவே முதலில் போக வேண்டியது லாகின். இந்தியாவில் சொந்தப் பெயரில் ஓடிபி எஸ்எம்எஸ் அனுப்ப, டிஎல்டி முறையில் நிறுவனத்தையும் செய்தி வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அது ஓர் இரவில் முடிகிற காரியமல்ல. இரண்டு போன்களில் இரண்டு பயனர்களை முன்பே ஏற்றி வைத்தால் போதும். மேப்புக்குப் பதில் '3 கி.மீ.' என்று ஒரு வரி. அந்தத் தூரம் கையால் போட்டது என்பதை நடுவர் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடலாம்.

வெட்டக் கூடாதது ஒன்று உண்டு. ஒரே சாப்பாட்டை இரண்டு இல்லங்கள் ஒரே நொடியில் கேட்டால் என்ன ஆகும்? விவரமான நடுவர் இதைத்தான் கேட்பார். 'இன்னும் யாரும் எடுக்கவில்லையா' என்று பார்ப்பதும் 'இவருக்கு' என்று எழுதுவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக டேட்டாபேஸில் நடக்க வேண்டும். டிரான்சாக்‌ஷன் என்பது இதற்குத்தான். ஸ்டார் ரேட்டிங்குக்குப் போகும் நேரத்தை இங்கே செலவழிக்கலாம்.

இப்படி வெட்டியே ஜெயித்தவர்கள் உண்டு. 2010இல் நியூயார்க்கில் டெக்கிரஞ்ச் நடத்திய ஹேக்கத்தானில் பிறந்த குரூப்மீ, ஆரம்பத்தில் சாதாரண எஸ்எம்எஸ்ஸில்தான் ஓடியது. மறு ஆண்டே ஸ்கைப் அதை வாங்கியது.

நேரத்துக்கு வருவோம். ஐந்தாவது மணிக்குள், பார்க்க அசிங்கமாக இருந்தாலும், ஒரு போனில் போட்டது மறுபோனில் வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் யோசனையை இன்னும் சுருக்க வேண்டியதுதான். பதினெட்டாவது மணிக்கு மேல் புது வசதி எதையும் தொடக் கூடாது. விடியற்காலை நான்கு மணிக்குச் சேர்த்த 'சின்ன' மாற்றம்தான் பெரும்பாலும் மேடையில் காலை வாரும். மிச்ச நேரத்தில் 'asdf', 'test1' எல்லாவற்றையும் அழித்து நிஜம் போன்ற மண்டபப் பெயர்களைப் போடலாம், டெமோ முழுவதையும் வீடியோ எடுத்து வைக்கலாம். அரங்கின் வைஃபையை எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் இழுக்கும் என்பதால் சொந்த ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். ஒத்திகையில் பேசுபவர் ஒருவர், போனைத் தொடுபவர் இன்னொருவர்.