பதினாறா, பன்னிரண்டா?

சின்னமிக் அமிலத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. அதன் இரு முனைக் கார்பன்களிலும் ஆளுக்கொரு ஹைட்ரஜன். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் சிஸ், எதிரெதிரே இருந்தால் டிரான்ஸ். எது என்று புரோட்டான் என்எம்ஆர் வரைபடமே சொல்லிவிடும்.

அடுத்த கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன், தன் பக்கத்து வீட்டுக்காரரின் கோட்டை இரண்டாகப் பிளக்கிறது. 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் 6.48, 6.44 பிபிஎம்மில் இரண்டு கோடுகள் தெரிகின்றன என்போம். இடைவெளி 0.04, அதை 400ஆல் பெருக்கினால் 16 ஹெர்ட்ஸ். இதுதான் இணைவு மாறிலி. 7.8 அருகே உள்ள ஜோடியிலும் அதே 16 இருக்க வேண்டும். இல்லையென்றால் அவை ஒன்றுக்கொன்று ஜோடியே அல்ல.

16 என்றால் டிரான்ஸ். எதிரெதிர்ப் பிணைப்புகள் 180 பாகையில் நிற்கும்போது எலெக்ட்ரான்கள் வழியே செய்தி பலமாகக் கடக்கிறது. சிஸ் வடிவத்தில் ஏறக்குறைய 12தான். மாதிரியில் இரண்டும் கலந்திருந்தால் 6 பிபிஎம் அருகே நெருக்கமான தனி ஜோடி எட்டிப்பார்க்கும்.

மாலியிக், ஃபியூமாரிக் அமிலங்களில் இந்த வித்தை பலிக்காது. இரு ஹைட்ரஜன்களும் அச்சு அசலாக ஒரே சூழலில் இருப்பதால் பிளவே தெரியாது, ஒற்றைக் கோடுதான்.